2-எதைல்பென்ரேன் ஏன் பிழையான பெயர்?

கேள்வி: படத்தில் ஐந்து காபன் நேராக நிற்கிறது, இரண்டாவதில் எதைல் தொங்குகிறது. 2-எதைல்பென்ரேன் என்று எழுதினேன். சேர் பிழை போட்டுவிட்டார். ஏன்?

நானும் இதே பிழையை விட்டவன்தான். யாழ்ப்பாணத்தில் உயர்தரம் படித்த காலத்தில், கொட்டில் ரியூசன் வகுப்பில் சேர் என்னைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டு, "சோக்கட்டியை எடுக்காமல் ஒரு நுனியிலிருந்து மற்ற நுனிக்குப் போ" என்றார். அன்றுதான் விளங்கியது.

```
CH3-CH-CH2-CH2-CH3
    |
    CH2-CH3
```

கீழே தொங்கும் CH3 இலிருந்து தொடங்குங்கள். மேலே ஏறி, வலப்பக்கம் திரும்பி, கடைசி வரை போனால் ஆறு காபன். மிக நீளமான சங்கிலியை வைத்துத்தான் பெயர், ஆகவே இது ஹெக்சேன். நீங்கள் சங்கிலியின் தொடக்கம் என்று நினைத்த இடப்பக்க CH3 தான் உண்மையில் கிளை. கீழ் நுனியிலிருந்து எண்ணினால் அது 3ஆம் காபனில், மற்றப் பக்கத்திலிருந்து 4இல். சிறிய எண்தான் வேண்டும் என்பதால் 3-மெதைல்ஹெக்சேன். படத்தில் நேராக இருப்பது வரைந்தவரின் வசதி மட்டுமே. ஒற்றைப் பிணைப்பு சுழலும், மூலக்கூறுக்கு மேல் கீழ் தெரியாது.

இன்னொன்று. வளையமில்லாத எந்த அல்கேன் பெயரிலும் 2-எதைல் என்று வந்தால் உடனே சந்தேகப்படுங்கள். நுனியில் ஒரு காபனை விட்டுவிட்டு இரண்டு காபன் உள்ள எதைல் வழியாகப் போனால் சங்கிலி எப்போதும் ஒன்று கூடும். 1-மெதைல் வந்தாலும் அதே கதை.

சரி, நீளம் சமமாக வந்தால்? அங்கேதான் பலர் மாட்டுப்படுகிறார்கள்.

```
CH3-CH2-CH-CH2-CH3
        |
    CH3-CH-CH3
```

நேராகப் போனாலும் ஐந்து, நடுவில் கீழே இறங்கிப் போனாலும் ஐந்து. நேர்வழியை எடுத்தால் ஒரே ஒரு கிளை, அதுவும் தானே கிளைத்த ஐசோபுரொப்பைல். இறங்கும் வழியில் ஒரு மெதைல், ஒரு எதைல் என்று இரண்டு எளிய கிளைகள். நீளம் சமமானால் கூடுதல் கிளைகள் உள்ள சங்கிலியே வெல்லும். கீழ்ப்பக்கத்திலிருந்து எண்ணினால் மெதைல் 2இல், எதைல் 3இல். மறுபக்கத்திலிருந்து எதைல் 3இல், மெதைல் 4இல். ஆக 3-எதைல்-2-மெதைல்பென்ரேன்.

மெதைலுக்குச் சிறிய எண் கிடைத்தும் எதைல் ஏன் முன்னால் வந்தது என்று கேட்பீர்கள். எழுதும் ஒழுங்கை ஆங்கில எழுத்து வரிசை தீர்மானிக்கிறது (e, பிறகு m). எண்ணும் திசையைச் சிறிய எண்கள் தீர்மானிக்கின்றன. இரண்டையும் குழப்பக் கூடாது.

எழுதி முடித்ததும் பெயரிலுள்ள காபன்களைக் கூட்டுங்கள்: 5 + 2 + 1 = 8. படத்திலும் எட்டு. வேறு எண் வந்தால் எங்கோ ஒரு காபனை விட்டிருக்கிறீர்கள் அல்லது இருமுறை எண்ணியிருக்கிறீர்கள். ஆனால் இந்தச் சோதனை எல்லாவற்றையும் பிடிக்காது: உங்கள் 2-எதைல்பென்ரேனிலும் ஏழு காபன் சரியாகவே வரும்.