அண்ணா என்றால் மேடம் என்கிறார்

அன்புள்ள ஐயா,

சென்னையிலிருந்து மாற்றலாகி குன்னூர் வந்து ஆறு மாதமாகிறது. மார்க்கெட்டில் வாடிக்கையாகக் காய் வாங்கும் கடைக்காரரை "அண்ணா" என்றுதான் கூப்பிடுகிறேன். அவரோ இன்றுவரை "மேடம்" என்கிறார். ஒட்டாமல் விலக்கி வைக்கிறாரா? என் அண்ணாவுக்கு அர்த்தமே இல்லையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கடைக்காரர் மேல் தப்பில்லை.

நம் உறவுச்சொற்களில் இரண்டு பக்கம் உண்டு. அண்ணன், தங்கை, சித்தி, பெரியப்பா ஒரு பக்கம். மாமன், அத்தை, மச்சான், மதினி மறுபக்கம். முதல் பக்கத்தில் கல்யாணப் பேச்சே கிடையாது. சித்தி மகனும் பெரியப்பா மகனும் அண்ணன்தான். முறைமாப்பிள்ளை வருவது மறுபக்கத்திலிருந்து. முன்பின் தெரியாத ஆணைக் கூப்பிட ஒரு பெண் எந்தப் பக்கத்துச் சொல்லை எடுக்கிறாள் பாருங்கள். ஜீப் டிரைவரை ஒரு இளம்பெண் "மச்சான்" என்று கூப்பிட்டால் மொத்த ஜீப்பும் திரும்பிப் பார்க்கும். "அண்ணா" நெருங்கும்போதே வேலியையும் போட்டுவிடுகிறது. (கன்னடக்காரர் கடையிலும் அதே அண்ணா செல்லும். மலையாளி கடையில் மட்டும் சேட்டா.)

முறைப்படி அவர் திருப்பித் "தங்கச்சி" என்று சொல்லவேண்டும். சொல்லமாட்டார். தங்கச்சி என்றால் பின்னாலேயே "வா, போ" வந்துவிடும். வாங்க வந்த வெளியூர்ப் பெண்ணிடம் அந்த உரிமையை ஒரு ஆண் தானாக எடுத்துக்கொள்வது அத்துமீறல். அக்கா என்றால் வயசு இடிக்கும், சிலருக்கு முகம் சுருங்கும். மேடத்தில் அந்த வம்பெல்லாம் இல்லை.

அழைக்கிற சொல்லை விட்டுவிட்டு வினைச்சொல்லைக் கவனியுங்கள். இங்கே கோயம்புத்தூர் வாடை உண்டு. "சொல்லுங்ணா", "வாங்க்கா" என்று மரியாதையும் உறவும் ஒரே மூச்சில் வரும். அந்த 'ங்' உதிர்ந்துவிட்டால் மிஞ்சுவது பேருக்கு ஒரு உறவு.

எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க வருபவரை வீட்டுக்காரப் பெண் அக்கா என்பாள். "அக்கா, அந்தக் குக்கரையும் தேச்சிடு." அந்த அக்கா அவளைவிடப் பத்து வயது மூத்தவர், அவர் திருப்பிக் கூப்பிடுவது "அம்மா". ஞாயிற்றுக்கிழமையும் வரச்சொல்லும் அன்றைக்கு மட்டும் வினை மாறும்: "நீங்க நம்ம வீட்டு ஆளுக்கா, கொஞ்சம் வந்துட்டுப் போங்க." சம்பளம் கூட்டிக் கேட்ட மாதம் அக்காவே காணாமல் போனார். "இந்தம்மாவுக்கு எவ்வளவு குடுத்தாலும் பத்தாது" என்று என் மனைவியிடம் புலம்பினாள். அந்த அக்காவைவிட உங்கள் கடைக்காரரின் மேடம் எனக்கு யோக்கியமாகப் படுகிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். "மேடம், இன்னிக்கு பீன்ஸ் எடுக்காதீங்க, முத்தலா இருக்கு" என்று அவர் என்றைக்காவது தன் கடைச் சரக்கையே வேண்டாமென்று சொல்லியிருக்கிறாரா? எழுதுங்கள்.