வீடு மாற்றித் தரும் நிறுவனத்துக்கு விளம்பர வசனம்: கேள்வி பதில்

30 நொடி வானொலி விளம்பரம். உடைசல், மறைமுகக் கட்டணம், தாமதம் மூன்றையும் எப்படி அடக்குவது?

அடக்காதீர்கள். நிதானமாகப் படித்தால் 30 நொடியில் 50 சொல் போவதே கடினம். நான் கட்டணத்தை மட்டும் எடுப்பேன். சாலையும் மழையும் நிறுவனத்தின் கையில் இல்லை. பில் முழுக்க அவர்கள் கையில்தான் இருக்கிறது. சாமானைப் பார்க்காமல் போனில் தொகை சொல்வதில்தான் சண்டை பிறக்கிறது. ஏற்றும் நாளில் லிஃப்ட் ஓடாது, லாரி தெருவுக்குள் நுழையாது, பரணிலிருந்து பத்துப் பெட்டி இறங்கும். ஆகவே இப்படி எழுதுவேன்:

பெண்: சாமானை ஏற்றிய பிறகு மாடிப்படிக்குத் தனி, சின்ன வண்டிக்குத் தனி என்றார்கள்.

ஆண்: நாங்கள் வீட்டுக்கு வந்து, பரண் வரை பார்த்துத்தான் தொகை சொல்வோம். லிஃப்ட் உண்டா, லாரி வருமா என்று இரண்டு வீட்டுக்கும் கேட்போம். பட்டியலில் சாமான் கூடினால் ஒழிய, எழுதிக் கொடுத்த தொகைதான் பில்.

'கூடினால் ஒழிய' என்பதை வெட்டச் சொல்வார்கள். விடாதீர்கள். அதை மறைத்தால் அதுவே மறைமுகக் கட்டணம். முதலாளி இதற்கு ஒப்பாவிட்டால் இந்த வசனமே வேண்டாம்.

'100 சதவீதம் பாதுகாப்பு' என்று முடிக்கலாமா?

கூடாது. எல்லோரும் சொல்வதை யாரும் நம்புவதில்லை. 'தட்டுகளைப் படுக்கவைக்க மாட்டோம், ஒவ்வொன்றையும் சுற்றி நிமிர்த்தி அடுக்குவோம்' என்று எழுதுங்கள். படுக்கவைத்தால் மேல் தட்டுகளின் பாரம் அடித்தட்டில் இறங்கும். ஒருமுறை தட்டு உடைந்து பார்த்தவருக்கு அந்த ஒரு வரி போதும்.

உடைசல் என்ற சொல்லே பயத்தைக் கிளப்பும். எதிர்மறைச் சொல் விளம்பரத்தில் கூடாது என்றுதான் எனக்குக் கற்பித்தார்கள்.

பாதி சரி. கண்ணாடி நொறுங்கும் ஓசையோடு தொடங்கினால் கேட்பவர் மனத்தில் அந்த ஓசைதான் தங்கும். ஆனால் வீடு மாற்றுகிறவருக்குப் பயம் முன்பே இருக்கிறது. பேசாமல் விட்டால் போய்விடாது. பயத்தைச் சொன்ன மூச்சிலேயே செய்முறையையும் சொல்லிவிடுங்கள்.

அவர் மறுபடியும்: செய்முறையை மட்டும் சொன்னால் போதாதா?

தட்டுக்குப் போதும். கட்டணத்துக்குப் போதாது என்பது என் எண்ணம். இரண்டு விதமாகவும் எழுதி, அடுத்த மாதம் வீடு மாற்றப்போகும் நான்கு பேரிடம் படித்துக் காட்டுங்கள்.

எங்கள் பீரோ கதவு வளைந்து வந்தது. நஷ்ட ஈடு கிடைக்குமா?

இது விளம்பரக் கேள்வி அல்ல. படம் எடுத்து, இறக்கிய ரசீதில் சேதத்தை எழுதிக் கையெழுத்திட்டு, உடனே எழுத்தில் புகார் கொடுங்கள். வசனம் எழுதுவோருக்கு ஒன்று: வீட்டார் தாமே கட்டிய பெட்டிகளுக்குப் பல காப்பீடுகள் பொருந்துவதில்லை. 'எல்லாவற்றுக்கும் காப்பீடு' என்று எழுதிவிடாதீர்கள்.

'சொன்ன நேரத்தில் டெலிவரி, உறுதி' எப்படி?

மறுபடியும் உறுதிமொழி! பலர் சாமான் ஒரே லாரியில் போனால், நடுவில் இறக்குபவர் தாமதித்தாலும் நாள் தள்ளிப்போகும். 'வண்டி தாமதமானால் நீங்கள் கேட்கும் முன் நாங்கள் அழைப்போம்' என்பது காப்பாற்றக்கூடிய வாக்கு.

'முழு உத்தரவாதம்' என்று போட்டால்?

இரண்டாவது பதிலைப் படியுங்கள்.