திவால் நடைமுறையில் கடன் கோரிக்கை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை): நூற்பாலைக்குக் கடனுக்குப் பஞ்சு விற்றேன். படிவம் சி தாக்கல் செய்யலாமா?

பதில்: கூடாது. படிவம் சி பணமாகக் கடன் கொடுத்தவர்களுக்கு. சரக்கு விற்ற பாக்கிக்குப் படிவம் பி.

கேள்வி (ஏற்காடு): நான் கடன் கொடுத்திருந்த விடுதி நிறுவனம் திவால் நடைமுறைக்குள் சென்றது தாமதமாகத்தான் தெரிந்தது. அறிவிப்பில் கண்ட கடைசி நாள் கடந்துவிட்டது. இனி வழி உண்டா?

பதில்: உண்டு. நிறுவனத்தைப் பொறுப்பேற்றுக் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் இடைக்காலத் தீர்வு வல்லுநர் நியமிக்கப்பட்டதிலிருந்து 14 நாள் என்பதே அறிவிப்பில் வரும் கடைசி நாள். அதைத் தவறவிட்டவர், நடைமுறை தொடங்கியதிலிருந்து 90 நாள் வரையிலோ, நிறுவனத்தை மீட்பதற்கான தீர்வுத் திட்டங்களைக் கேட்டு அழைப்பு விடுக்கப்படும் நாள் வரையிலோ, இவற்றில் பிந்தியது எதுவோ அதுவரை கோரிக்கையைக் கொடுக்கலாம். அதற்கும் பிந்தினால் தாமதத்துக்குக் காரணம் எழுத வேண்டும்; ஏற்பதா என்பது தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் வரை போகும். ஆகவே இன்றே அனுப்புங்கள். அனுப்பும்போது நகல்களை மட்டும் அனுப்புங்கள், மூலப் பத்திரம் உங்கள் பெட்டியிலேயே இருக்கட்டும்.

கேள்வி (அஸ்தம்பட்டி): ஒரு தனியார் நிறுவனத்துக்கு 40 லட்சம் ரூபாய் ஆண்டுக்கு 18 சதவீத வட்டிக்குக் கொடுத்தேன். சில ஆண்டுகளாக வட்டியும் வரவில்லை, அசலும் வரவில்லை. கடன் உண்மையானது என்பதற்கு ஒப்பந்தப் பத்திரம் இருக்கிறது. அது போதாதா?

பதில்: போதாது. "சில ஆண்டுகளாக" என்று எழுதும் வாசகர்களால்தான் என் பொறுமை கரைகிறது. கடன் தவறிய நாள் என்பது நாள், மாதம், ஆண்டு மூன்றும் கொண்ட ஒரு தேதி. கடனைச் சட்டப்படி கேட்பதற்கான மூன்றாண்டுக் காலவரையறை அங்கிருந்துதான் ஓடத் தொடங்குகிறது என்பதால், அந்தத் தேதி இல்லாத கோரிக்கையைச் சரிபார்ப்பவர் முதலில் கேட்பது, கடன் காலாவதியாகிவிட்டதா என்பதையே.

நீங்கள் இணைத்த நகல்களை வைத்து நானே கணக்கிட்டேன். ஒப்பந்தப்படி அசல் 2022 மார்ச் 31 அன்று திரும்ப வந்திருக்க வேண்டும். அதுவரை வட்டி வந்திருக்கிறது. மறுநாள், அதாவது ஏப்ரல் 1, கடன் தவறிய நாள். மூன்றாண்டு 2025 மார்ச் மாத இறுதியில் முடிகிறது. நிறுவனத்தின் மீது திவால் நடைமுறை தொடங்கியதோ 2025 ஆகஸ்ட் 1. மேலோட்டமாகப் பார்த்தால் கோரிக்கை காலாவதி.

ஆனால் அதே நிறுவனம் 2023 செப்டம்பரில் கையெழுத்திட்ட இருப்புநிலைக் குறிப்பில் உங்கள் பெயரில் இந்தக் கடனைக் காட்டியிருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2021இல் பிஷால் ஜெய்ஸ்வால் வழக்கில், இருப்புநிலைக் குறிப்பின் பதிவும் கடனை ஒப்புக்கொள்வதாகலாம் என்று கூறியது. ஒப்புதல், பழைய காலவரையறை முடிவதற்குள் எழுத்தில் வந்திருக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் வந்திருக்கிறது. எனவே அந்தக் கையெழுத்து நாளிலிருந்து புதிதாக மூன்றாண்டு கிடைக்கிறது. அந்த இருப்புநிலைக் குறிப்பின் கீழே உள்ள குறிப்புரைகளையும் படியுங்கள், அங்கே "கடன் சர்ச்சைக்குரியது" என்று ஒரு வரி இருந்தால் ஒப்புதல் கரைந்துபோகும்.

அடுத்து வட்டி. நடைமுறை தொடங்கிய நாள் வரையே கணக்கிட வேண்டும். ஏப்ரல் 2022 முதல் 40 மாதம், மாதம் 60 ஆயிரம், ஆக 24 லட்சம். மொத்தம் 64 லட்சம். படிவம் அனுப்பும் நாள் வரை கூட்டினால் உபரித் தொகை வெட்டப்படும்.

இணைக்க வேண்டியவை: ஒப்பந்தம், பணம் உங்கள் கணக்கிலிருந்து சென்றதைக் காட்டும் வங்கி அறிக்கை, கடைசியாக வட்டி வந்த வரியில் அடிக்கோடிட்ட வங்கி அறிக்கை, அந்த இருப்புநிலைக் குறிப்பு. நிறுவனம் உங்கள் வட்டியில் வரி பிடித்திருந்தால் படிவம் 26ஏஎஸ்-உம் சேர்க்கலாம். அது வட்டி தந்ததற்குத் துணைச் சான்றே தவிர, தனியாக நின்று கடனை நிரூபிக்காது.

கேள்வி (சங்ககிரி, வங்கி ஊழியர்): கடன் தவறிய நாளாக வாராக்கடன் ஆன தேதியை எழுதினால் என்ன?

பதில்: பிழை. தவணை தவறிய பின் சுமார் 90 நாள் கழித்தே கணக்கு வாராக்கடனாகிறது. தவணை முதன்முதலில் தவறிய நாளை எழுதுங்கள், நாள், மாதம், ஆண்டு மூன்றுடனும். இதை அலட்சியப்படுத்த வேண்டாம். 2020 மார்ச் 25 முதல் ஓராண்டுக்குள் தவறிய கடனுக்காக, அதை மட்டும் காட்டித் திவால் மனு போடவே முடியாது என்று சட்டம் தடுத்திருக்கிறது. வாராக்கடன் தேதி அந்த ஓராண்டுக்கு வெளியே விழுந்தாலும், உண்மையான தவறுதல் உள்ளே இருந்தால் மனு நிற்காது.

கேள்வி (ஆத்தூர்): என் கோரிக்கையில் பாதியைத் தீர்வு வல்லுநர் ஏற்கவில்லை.

பதில்: காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அவர் சரிபார்ப்பவரே தவிர நீதிபதி அல்லர். சான்று இருந்தால் அவரிடமே மறுபடி கொடுங்கள், அதற்கும் மசியவில்லை என்றால் திவால் சட்டத்தின் பிரிவு 60(5)இன் கீழ் அதே தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் மனுச் செய்யுங்கள்.