வாட்ஸ்அப் அரட்டை ஒன்று எத்தனை இடங்களில் இருக்கிறது?

"நான் அழித்த வாட்ஸ்அப் செய்தி பழைய பேக்கப்பை மீட்டதும் திரும்ப வந்துவிட்டது. அது எங்கேதான் இருந்தது?"

ஆண்ட்ராய்டு போனை வைத்துச் சொல்கிறேன். இரவு பத்து மணிக்கு அக்காவுக்கு ஒரு செய்தி அனுப்புகிறீர்கள். அவர் போன் அணைந்திருந்தால், அது பூட்டிய உறைபோல நிறுவனத்தின் சர்வரில் காத்திருக்கும்; அதிகபட்சம் 30 நாள். சேர்ந்ததும் அங்கிருந்து நீக்கப்படும். ஆகவே சர்வர் வெறும் வழித்தங்கல்தான். பலரும் இதைத்தான் கிடங்கு என்று நினைக்கிறார்கள்.

உண்மையான கிடங்குகள் இரண்டு போன்களும், இணைத்த கணினி இருந்தால் அதுவும்.

பேக்கப் வேறு கதை. அதிகாலை 2 மணிக்கு உங்கள் போன் தனக்குள்ளேயே ஒரு நகல் எடுக்கிறது. நீங்கள் அனுமதித்திருந்தால் கூகுள் கணக்கிலும் ஒன்று சேரும். காலை எட்டு மணிக்குச் செய்தியை அழித்தாலும் அதிகாலை நகலில் அது அப்படியே இருக்கும். உங்களுக்குத் திரும்பி வந்தது அதுதான்.

கூகுள் நகலை வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டும் முழுமறையாக்கத்தை நீங்களே இயக்க வேண்டும்: அமைப்புகள், அரட்டைகள், அரட்டை பேக்கப். அதற்கு வைத்த கடவுச்சொல்லை மறந்தால் அந்த நகலை வாட்ஸ்அப் நிறுவனத்தாலும் திறக்க முடியாது. அக்காவின் பேக்கப்போ உங்கள் கைக்கு எட்டாது. அதில் இருப்பதை அவர்தான் நீக்க முடியும்.