செலவின முறை ஷீட்ல 140 எங்க ஒளிஞ்சிருக்கு? (கேள்வி பதில்)

காலேஜ் ரெண்டாம் வருஷ மாணவி: சார், செலவின முறையில ஷீட் போட்டேன், எல்லாம் கோடியில. வீட்டு நுகர்வு 900, அரசு செலவு 280, நிலையான முதலீடு 240, சரக்கிருப்பு 40, ஏற்றுமதி 110, இறக்குமதி 130. எனக்கு ஜிடிபி 1440 வருது, உற்பத்தி முறையில 1300னு விடை இருக்கு. 140னு ஒரு ஐட்டமே குறிப்புல இல்ல, எதை எடுக்கணும்?

முதல்ல அந்த 140ஐத் தேடறத நிறுத்தும்மா. நான் பேப்பர் திருத்தின காலத்துல பாதிப் பேரு இங்கதான் மாட்டுவாங்க, வித்தியாசத்துக்குச் சமமா ஒரு எண் கண்ணுல பட்டா அதைத் தூக்கிடுவாங்க, படலன்னா ரெண்டு எண்ணைக் கூட்டி எப்படியாவது 140 வரவச்சிடுவாங்க. வித்தியாசம்ங்கறது மிச்சம் மட்டும்தான். உள்ள கூடுதலா புகுந்தது ஒரு பக்கம், சேர்க்காம விட்டது இன்னொரு பக்கம், ரெண்டும் கழிஞ்சு நிக்கறதுதான் உன் கண்ணுக்குத் தெரியுது.

அதனால ஒவ்வொரு வரியையும் எடுத்து ஒரே ஒரு கேள்வி கேளு: இந்தக் காசுக்கு இந்த வருஷம் ஏதாவது புதுசா உற்பத்தி ஆச்சா, ஆனதை கடைசியா வாங்கினவங்கதான் குடுத்தாங்களா?

நுகர்வு 900ல பழைய கார் வாங்கினது 30 இருக்குன்னு நீயே குறிப்புல போட்டிருக்க. அந்தக் கார் செஞ்ச வருஷத்துலயே கணக்குல ஏறிடுச்சு, இப்ப கை மாறுது அவ்வளவுதான், 30ஐ எடுத்துடு. ஆனா அதே வரிக்குக் கீழ டீலர் கமிஷன் 3னு இருக்கே, அதை நீ சேர்க்கவே இல்ல. கார் பழசு, டீலர் பண்ணின வேலை இந்த வருஷத்து வேலை, 3 உள்ள வரணும். விவசாயிங்க தங்களுக்குன்னு வச்சுக்கிட்ட தானியம் 22ம் விட்டுப்போச்சு. கடைக்குப் போகலன்னாலும் விளைஞ்சது விளைஞ்சதுதானே.

அரசு செலவு 280ல முதியோர் பென்ஷன் 45 இருக்கு. அதுக்குப் பதிலா அரசுக்கு எந்தப் பொருளும் சேவையும் வரல, எடுத்துடு. முதலீடு 240ல ஷேர் வாங்கினது 35. இருக்கற ஷேர் ஒருத்தர்கிட்டேர்ந்து இன்னொருத்தர்கிட்ட போகுது, புது மெஷினோ கட்டடமோ வரல, அதுவும் வெளிய.

பெரிய ஓட்டை சரக்கிருப்புதான். நீ 40னு போட்டது வருஷக் கடைசி இருப்பு. நமக்கு வேண்டியது மாற்றம். ஆரம்ப இருப்பு 55, கடைசி 40, அப்ப மாற்றம் மைனஸ் 15. 40 கூட்டற இடத்துல 15 கழிக்கணும், இந்த ஒரு வரியிலேயே 55 தப்பு.

கூடுதலா புகுந்தது 30, 45, 35, 55, ஆக 165. விட்டுப்போனது 22ம் 3ம், ஆக 25. 165ல 25 போனா 140, ஷீட்ல 1300 வந்துடும்.

இன்னொன்னும் இருக்கு, அது 140க்குள்ள தெரியவே தெரியாது. மக்கள் புது வீடு வாங்கின 50ஐ நுகர்வுல வச்சிருக்க. அது முதலீட்டுக்குப் போகணும். மொத்தம் மாறாது, ஆனா நுகர்வு 845, முதலீடு 255னு மாறும். "நுகர்வு எவ்வளவு"ன்னு தனியா கேட்டா மார்க் போயிடும்.

டியூஷன் எடுக்கறவர்: பழைய காரை அப்படியே எடுக்கச் சொல்றது சரியில்ல சார். ஒரு கம்பெனி தன் பழைய காரை வீட்டுக்காரருக்கு வித்தா நுகர்வுல அது வரத்தானே செய்யும்?

பாதி சரி சார். கம்பெனி வித்தா வீட்டு நுகர்வுல 30 ஏறும், அதே நேரத்துல கம்பெனியோட முதலீட்டுல மைனஸ் 30 விழும், ஏன்னா ஒரு நிலையான சொத்து அவங்க கையை விட்டுப் போகுது. தேசியக் கணக்கு போடறவங்க உண்மையிலேயே இப்படித்தான் எழுதுவாங்க. ரெண்டையும் எழுதினாலும் பூஜ்யம், ரெண்டையும் எழுதாம விட்டாலும் பூஜ்யம். அந்தப் பொண்ணு பண்ணினது ப்ளஸ்ஸை மட்டும் எழுதி மைனஸை விட்டது, அதான் 30 தொங்குது. பள்ளிக்கூட லெவல்ல "எடுத்துடு"ன்னு சொல்றது குறுக்குவழி, மொத்தம் அதுலயும் சரியாத்தான் வரும்.

ஒண்ணே ஒண்ணு கவனிங்க, பழைய கார் வெளிநாட்டுலேர்ந்து வந்திருந்தா அதைத் தூக்கக்கூடாது. நுகர்வுலயும் இருக்கும், இறக்குமதியிலயும் கழியும். நுகர்வுலேர்ந்து மட்டும் எடுத்தீங்கன்னா மொத்தம் அந்த அளவுக்குக் குறைஞ்சு நிக்கும்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கறவர்: நான் அரசு இலவசமா குடுக்கற மருந்தையும் பாடப்புத்தகத்தையும் பென்ஷன் மாதிரி மாற்றுச் செலவுன்னு கழிச்சேன், சரிதானே?

இல்லப்பா. "இலவசம்"ங்கற வார்த்தை ஏமாத்திடுச்சு. பென்ஷன்ல அரசு காசைத்தான் குடுக்குது, வாங்கினவர் அதைச் செலவு பண்ணும்போது நுகர்வுல தானா வரும், அதனாலதான் அரசு வரியில எடுக்கறோம். மருந்துல அரசே உற்பத்தியாளர்கிட்ட காசு குடுத்து வாங்கி ஜனங்களுக்குக் குடுக்குது. ஜனங்க காசு குடுக்கல, அப்ப நுகர்வு வரியில அது வராது, நீ அரசு வரியிலயும் எடுத்துட்டா தயாரான மருந்து கணக்குல எங்கயுமே இருக்காது. யார் கைக்குப் போச்சுன்னு பார்க்காத, அரசு காசு குடுத்துப் பொருளா வாங்குச்சா இல்ல காசையே குடுத்துடுச்சான்னு பாரு. அரசுக் கடனுக்குக் கட்டற வட்டி பென்ஷன் மாதிரிதான், வெளிய. ஆசிரியர் சம்பளம் அப்படி இல்ல, அவர் பாடம் நடத்தறார், அது உள்ள.

அக்கவுன்ட்ஸ் வேலை பாக்கறவர்: என் பொண்ணுக்காக இதே கணக்கை எக்செல்ல போட்டேன், எல்லா ஐட்டமும் திருத்தியாச்சு, ஆனா 1300க்குப் பதிலா 1560 வருது. ஃபார்முலா `=B2+B3+B4+B5+B6-B7`. பித்துப் பிடிக்குது.

B7ல இறக்குமதியை -130னு டைப் பண்ணியிருப்பீங்க. ஃபார்முலா ஏற்கனவே கழிக்குது, நீங்களும் மைனஸ் போட்டா கழித்தல் கூட்டலாயிடும். 1560க்கும் 1300க்கும் வித்தியாசம் 260, அதுல பாதி 130. குறி மாறிப்போன தப்பு எப்பவும் ஐட்டத்தோட ரெண்டு மடங்காத்தான் தெரியும், அதனால வித்தியாசம் வந்தா அதோட பாதி ஷீட்ல எங்கயாவது இருக்கான்னு ஒரு பார்வை பாருங்க. B7ல 130னு போடுங்க, இல்ல -130ஐ அப்படியே வச்சு `=SUM(B2:B7)`னு மாத்துங்க. ஆனா B5ல இருக்கற -15ல கை வைக்காதீங்க, அது சரி.

இறக்குமதியில இன்னொரு தப்பும் அடிக்கடி பார்த்திருக்கேன். நுகர்வுக்குள்ள இறக்குமதிப் பொருள் இருக்குன்னு அங்கயும் எடுத்துட்டு, கடைசியில இறக்குமதின்னு மொத்தத்தையும் கழிப்பாங்க, ஒரே பொருள் ரெண்டு தடவை போயிடும். நாம கடைசியில கழிக்கறதே அது நுகர்வு, முதலீடு, அரசு செலவுன்னு எல்லாத்துக்குள்ளயும் ஏற்கனவே கலந்திருக்குங்கறதாலதான்.

இன்னொருத்தர்: எங்க அண்ணன் 4 வருஷமா வெளிநாட்டுல வேலை பாக்கறார், மாசாமாசம் பணம் அனுப்பறார். அது ஏற்றுமதியிலயா, வெளிநாட்டு வருமானத்துலயா?

ரெண்டுலயும் இல்லீங்க. ஏற்றுமதின்னா இங்க உற்பத்தியானது வெளிய போகணும், அண்ணன் வேலை செய்யறது அங்க. சரி, வெளிநாட்டிலிருந்து வரும் காரணி வருமானம்னு போடலாமேன்னு கேப்பீங்க. 1 வருஷத்துக்கு மேல அங்கயே இருக்கறவர் கணக்குல அந்த நாட்டுவாசிதான், அவர் சம்பளம் அந்த நாட்டோட வருமானம், உங்களுக்கு வர்றது குடும்பத்துக்கு அனுப்பற பணம், பென்ஷன் மாதிரி ஒரு மாற்றுத்தான். 3 மாச கான்ட்ராக்ட்ல போய்ட்டு வர்றவர் சம்பளம்னா கதை வேற, அது காரணி வருமானத்துல வரும். அண்ணன் பணத்துல நீங்க ஃப்ரிட்ஜ் வாங்கினா அது நுகர்வுல வந்துடும், பணத்தையும் தனியா சேர்த்தா ரெண்டு தடவை ஆயிடும்.

மறுபடி அந்த மாணவி: சார், அப்ப நாட்டு வருமானம் 1300ன்னு எழுதிடலாமா?

எழுதிடாதம்மா, அது சந்தை விலையில ஜிடிபி மட்டும்தான். உன் குறிப்புல தேய்மானம் 90, மானியம் போக நிகர மறைமுக வரி 75, வெளிநாட்டு நிகர காரணி வருமானம் மைனஸ் 5. முதல் ரெண்டையும் கழிச்சு, அந்த மைனஸ் 5ஐக் கூட்டினா 1130. சில பேர் மறைமுக வரியை இங்க கூட்டுவாங்க. கடையில நாம குடுத்த விலைக்குள்ள வரி ஏற்கனவே இருக்கு, அதனால கழிக்கத்தான் முடியும்.

பேரு போடாத ஒருத்தர்: ரெண்டு முறையும் 1300ன்னு ஒத்துப்போச்சு, அப்ப ஷீட் கண்டிப்பா சரின்னு எடுத்துக்கலாமா?

இங்கதான் எனக்கே தயக்கம். சரக்கிருப்பை எடுத்துக்கங்க. ஆரம்பத்துல 11 மூட்டை, ஒண்ணு 5 விலைன்னா 55. கடைசியில 40 இருக்கு. விலை மாறலன்னா 8 மூட்டை, 3 மூட்டை குறைஞ்சது, மைனஸ் 15 சரி. விலை 8 ஆயிடுச்சுன்னு வைங்க, 40ன்னா 5 மூட்டைதான், உண்மையில 6 மூட்டை போயிருக்கு. சராசரி விலை ஆறரையில போட்டா மாற்றம் மைனஸ் 39. நடுவுல இருக்கற 24 வெறும் விலையேற்ற லாபம், அது உற்பத்தியே இல்ல. ஆனா உற்பத்தி முறையிலயும் விற்பனையோட இதே சரக்கிருப்பு மாற்றத்தைக் கூட்டித்தான் விடை எடுத்திருப்பாங்க, அதனால ரெண்டு பக்கமும் ஒரே 24ஐச் சுமந்துக்கிட்டு அழகா ஒத்துப்போகும். இந்தக் கேள்வில மூட்டைக் கணக்கும் விலையும் குடுக்கல, அதனால மைனஸ் 15ன்னுதான் போட்டாகணும். நிஜமான டேட்டா வச்சு யாராவது ஷீட் போடறீங்கன்னா இருப்பு எந்த விலையில எழுதியிருக்குன்னு கேட்டுட்டு அப்புறம் கூட்டுங்க.