அமிலம், காரம் பாடம்: வீட்டுப் பொருட்களை வைத்து நடத்துகிறவர்களின் கேள்விகள்

"ஊகி, கவனி, விளக்கு என்ற வரிசையில்தான் நடத்துகிறேன். ஆனால் ஊகத்தைக் கேட்டதும் பிள்ளைகள் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சொல்லிவிடுகிறார்கள். சோதனையும் எல்லோரும் சொன்னபடியே முடிகிறது. எங்கே கோளாறு?"

ஊகத்தை வாயால் கேட்பதுதான் முதல் கோளாறு. யாரும் பேசாமல் ஆளுக்கொரு வரி எழுதட்டும்: "என்ன நடக்கும்? ஏன் அப்படி நினைக்கிறேன்?" அந்த 'ஏன்' இல்லாத ஊகம் வெறும் பந்தயம்தான். எழுதி முடித்ததும் பேனாவைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். சோதனைக்குப் பிறகு யாரும் அந்த வரியைத் திருத்தக் கூடாது. அது தவறாக இருந்தால் மதிப்பெண் குறையாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது, பொருளைத் தேர்ந்தெடுக்கும் விதம். எலுமிச்சைச் சாறு அமிலம் என்று எல்லோருக்கும் தெரியும். அதை வைத்து ஊகிக்கச் சொல்வதில் பயன் இல்லை. வகுப்பு இரண்டாகப் பிரியும் பொருள் வேண்டும். மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்து வெள்ளைத் தாளில் பூசிக் காயவைத்து, துண்டு துண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு துண்டில் சோப்புக் கட்டி கரைத்த தண்ணீரை ஒரு சொட்டு விட்டால் செம்பழுப்பாக மாறும். "சோப்பு காரம்" என்று பிள்ளைகள் முடிவு கட்டுவார்கள். அப்புறம் ஷாம்பூவையும் பாத்திரம் கழுவும் திரவத்தையும் காட்டி ஊகத்தை எழுதச் சொல்லுங்கள். நுரைப்பதால் அவையும் காரம் என்றே பலர் எழுதுவார்கள். ஆனால் ஷாம்பூவிலும், பெரும்பாலான பாத்திரத் திரவங்களிலும் தாள் மஞ்சளாகவே நிற்கும். (நீங்கள் வாங்கியது எப்படி என்று முதல் நாளே சோதித்துக்கொள்ளுங்கள்.)

விளக்கும் கட்டத்துக்கு இப்போதுதான் வேலை வருகிறது. நுரைப்பது வேறு, காரமாக இருப்பது வேறு. அதோடு, தாள் மஞ்சளாக நின்றதால் ஷாம்பூ அமிலம் என்றும் சொல்ல முடியாது. மஞ்சள் ஏறத்தாழ பி.எச். 7.5-க்கு மேல்தான் நிறம் மாறத் தொடங்கும். அதற்குக் கீழே அமிலமும் வெறும் தண்ணீரும் அதற்கு ஒன்றுதான். சமையல் சோடாக் கரைசலில் நிறம் மங்கலாக மாறுவதற்கும் இதுவே காரணம், அதன் பி.எச். 8-ஐ ஒட்டியே இருக்கிறது.

"சமையல் சோடாவும் வினிகரும் சேர்ந்தால் நடுநிலை ஆகும் என்று சொல்லிவிட்டேன். சிவப்பு முட்டைக்கோஸ் சாறு ஊற்றிப் பார்த்தால், ஊதா வந்த பிறகு மறுபடி நீலமாகிறது. என்ன சொல்வது?"

உங்கள் பிள்ளைகள் கவனித்தது சரி. இந்தப் பாடத்தின் சுவையான இடமே இதுதான், ஒரு முழு வகுப்பை இதற்குக் கொடுக்கலாம்.

250 மில்லி கொள்ளும் உயரமான குவளையில் 50 மில்லி தண்ணீர் ஊற்றுங்கள். மட்டமாக அரைத் தேக்கரண்டி சமையல் சோடாவைக் கரைத்து, நீல நிறம் தெளிவாகத் தெரியும் வரை முட்டைக்கோஸ் சாறு சேருங்கள். ஒப்பிட்டுப் பார்க்க, சாறு கலந்த வெறும் தண்ணீர் ஒரு குவளையிலும், சாறு கலந்த வினிகர் இன்னொன்றிலும் இருக்கட்டும். ஊகக் கேள்வி இது: சோடா முழுவதும் தீர எத்தனை தேக்கரண்டி வினிகர் வேண்டும்? 'அரைக்கு அரை' என்றே பலரும் எழுதுவார்கள்.

இனி ஒவ்வொரு தேக்கரண்டியாக ஊற்றி, ஒவ்வொரு முறையும் நிறத்தையும் பொங்குவதையும் தனித்தனியே குறிக்கச் சொல்லுங்கள். ஐந்து சதவீத வினிகர் என்றால் ஏறத்தாழ ஏழு தேக்கரண்டி வரை பொங்கிக்கொண்டே இருக்கும். அரைத் தேக்கரண்டி சோடா சுமார் இரண்டரை கிராம். ஒரு தேக்கரண்டி வினிகரில் இருக்கும் அமிலமோ கால் கிராம்தான், மீதி பெரும்பாலும் தண்ணீர். கரண்டிக் கணக்கு அதனால்தான் பொய்க்கிறது. அரைத் தேக்கரண்டியோ ஒரு தேக்கரண்டியோ கூடக்குறைய வந்தால் கவலை வேண்டாம், கரண்டி அளவில் அவ்வளவு பிசகு இருக்கும்.

நிறம் ஏன் முன்னும் பின்னும் போகிறது? பொங்கி வெளியேறுவது கார்பன் டை ஆக்சைடு. அதில் ஒரு பங்கு கரைசலுக்குள்ளேயே கரைந்து நின்று, கரைசலைச் சற்று அமிலப் பக்கம் இழுக்கிறது. சோடா இன்னும் மீதி இருக்கும்போதே ஊதா தெரிவது இதனால்தான். கிளறிவிட்டுச் சில நிமிடம் வைத்தால் வாயு வெளியேறி, நீலம் மெல்லத் திரும்பும். இன்னொன்றும் உண்டு. அமிலமும் சோடாவும் சரிக்குச் சரி தீர்ந்த பின் மிஞ்சும் உப்பான சோடியம் அசிடேட்டே இலேசாகக் காரத்தன்மை உடையது. ஆகவே "ஊதா வந்தால் முடிந்தது" என்று சொல்லாதீர்கள். சோடா மீதி இருக்கிறதா என்று அறிய இன்னொரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். பொங்கினால் மீதி இருக்கிறது.

இந்தக் கலவையை மூடி போட்ட பாட்டிலில் ஒருபோதும் வைக்காதீர்கள். வாயு சேர்ந்து பாட்டில் வெடித்துவிடும்.

"கழிவறை சுத்தம் செய்யும் திரவமும் பிளீச்சும் வீட்டுப் பொருட்கள்தானே? கொஞ்சமாக, என் கையாலேயே செய்து காட்டலாமா?"

வேண்டாம். குளோரின் பிளீச்சோடு எந்த அமிலம் சேர்ந்தாலும் குளோரின் வாயு வரும். வலுவான அமிலம்தான் வேண்டும் என்பதில்லை, வினிகரோ எலுமிச்சைச் சாறோ போதும். வகுப்பில் பிளீச் இல்லாமல் இருந்தால் தவறுதலாகக் கலக்கும் பேச்சே இல்லை. தவறிக் கலந்து மூக்கு எரிந்தால், பாத்திரத்தை எடுக்கப் போகாமல் எல்லோரையும் வெளியே அழைத்துச் செல்லுங்கள். சாக்கடை அடைப்பு நீக்கியும் உள்ளே வரக் கூடாது. பெரும்பாலும் சோடியம் ஹைட்ராக்சைடு கலந்த அது கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

வலுவான காரத்தைக் காட்டியே ஆக வேண்டுமானால் சலவை சோடா போதும். நீங்களே ஒரு சிட்டிகை கரைத்துக் கொடுங்கள். எல்லோரும் பாதுகாப்புக் கண்ணாடி போடட்டும். வினிகரும் எலுமிச்சையும் சாப்பிடும் பொருட்களாக இருந்தாலும், சோதனை மேசையில் இருக்கும் எதையும் சுவைக்கக் கூடாது.

காரம் கையில் பட்டால் வினிகர் ஊற்றிச் சரிசெய்யலாம் என்று பிள்ளைகள் இந்தப் பாடத்திலிருந்தே முடிவுக்கு வருவார்கள். அப்படிச் செய்யக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். தோலில் பட்டாலும் கண்ணில் பட்டாலும் ஓடும் தண்ணீர்தான். கண் என்றால் இமையைத் திறந்து பிடித்து, குறைந்தது 15 நிமிடம் கழுவியபடியே மருத்துவ உதவிக்கு ஆள் அனுப்புங்கள்.

"முட்டைக்கோஸ் சாறு சலவை சோடாவில் பச்சையானது, கொஞ்ச நேரத்தில் மஞ்சளாகிவிட்டது. வினிகர் ஊற்றியும் பழைய சிவப்பு வரவில்லை. சாறு கெட்டுவிட்டதா?"

சாறு நன்றாகத்தான் இருக்கிறது. சாற்றின் நிறமி வலுவான காரத்தில் சிதைந்துபோகும், சிதைந்தது திரும்பாது. சோடாவில் சாற்றைச் சேர்த்த உடனே நிறத்தைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சாற்றை முதல் நாளே தயாரிக்கலாம்: நறுக்கிய இலைகளை வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து வடிகட்டி, குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். வெந்நீர் வேலை உங்களுடையது. சில நாளில் நாற்றம் அடிக்கும், அதற்குமேல் வேண்டுமென்றால் பனிக்கட்டித் தட்டில் உறையவைத்துக்கொள்ளலாம்.