ஆப்பை எடுத்தாலும் குழுவில் பெயர் நிற்பது ஏன்?

“முதல் டச் போன். வாட்ஸ்அப்பை அழித்துவிட்டேன். பெரம்பூர் குடியிருப்புக் குழுவில் இன்னும் என் பெயர் இருக்கிறதாமே?”

இருக்கத்தான் செய்யும் ஐயா. நீங்கள் எடுத்தது ஆப்பை மட்டும். கணக்கு உங்கள் நம்பரில் அப்படியே இருக்கிறது. யாராவது செய்தி அனுப்பினால் அவர்களுக்கு ஒற்றை டிக்கோடு நிற்கும், 30 நாள் வரை சர்வரில் காத்திருக்கும். சாட்டை அழிப்பது வேறு: உங்கள் போனில் மறையும், எதிராளி போனில் இருக்கும்.

முழுதாக விலக, ஆப்பை மறுபடி ஏற்றி, அதே நம்பருக்கு வரும் ஓடிபியைப் போட்டு உள்ளே போங்கள். Settings, அதில் Account, அதில் Delete account. நம்பரைக் கேட்கும், கொடுங்கள். எல்லாக் குழுவிலிருந்தும் பெயர் போய்விடும். பழைய பேச்சும் கூகுள் பேக்கப்பும் சேர்ந்தே போகும், மீட்க முடியாது. சிம் மாற்றுவதாக இருந்தால் இதை முதலில் முடியுங்கள். ஓடிபி பழைய நம்பருக்குத்தான் வரும்.